ஒரே அணியில் பாஸ்கல் முக்கோணத்தின் அடுத்த வரிசை: கூட்டலை வலப்பக்கத்திலிருந்து தொடங்கிய அனுபவம்

உணரியிலிருந்து வரும் அளவீடுகளின் நடுக்கத்தைக் குறைப்பதற்காக ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஒரு சிறிய வடிகட்டியை எழுதிக்கொண்டிருந்தேன். அண்மையில் வந்த சில அளவீடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எடையால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுப்பதுதான் அதன் வேலை. எடைகளாகப் பாஸ்கல் முக்கோணத்தின் ஒரு வரிசையை, அதாவது ஈருறுப்புக் கெழுக்களை, எடுத்துக்கொண்டேன். அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளின் சராசரியை எடுத்து, அந்தச் சராசரிகளுக்கே மீண்டும் சராசரி எடுத்து, இப்படி n முறை செய்தால் கிடைக்கும் எடைகள் முக்கோணத்தின் n-ஆம் வரிசையில் அப்படியே இருக்கின்றன. உச்சியில் தனியாக நிற்கும் 1-ஐ 0-ஆம் வரிசை என்று எண்ணுகிறேன். n-ஆம் வரிசையின் கூட்டுத்தொகை எப்போதும் 2-இன் n-ஆம் அடுக்கு என்பதால், வகுத்தலுக்குப் பதிலாக மொத்தத்தை n பிட் வலப்பக்கம் நகர்த்தினாலே போதும். சிறிய செயலிக்கு இது பெரிய சௌகரியம்.

பலகையில் இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தேன். ஒன்றை அழுத்தினால் வடிகட்டி ஒரு படி அகலமாக வேண்டும், அதாவது வரிசை n-இலிருந்து n+1-க்குப் போக வேண்டும். மற்றொன்றை அழுத்தினால் ஒரு படி குறுக வேண்டும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது முழு முக்கோணம் அன்று. கையில் இருக்கும் வரிசையிலிருந்து அடுத்த வரிசை, சில சமயம் முந்தைய வரிசை. 16-ஆம் வரிசை வரை முழு முக்கோணத்தையும் 17-க்கு 17 அளவுள்ள இருபரிமாண அணியாக வைத்தால், ஓர் எடைக்கு 2 பைட் வீதம் 578 பைட் ஆகும். அந்தப் பலகையில் மாறிகளுக்குக் கிடைக்கும் நினைவகமே மொத்தம் 2048 பைட்தான். அதில் கால் பங்குக்கும் மேலான இடத்தை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிசைதான் பயன்படப் போகிறது என்று தெரிந்துகொண்டே ஒதுக்குவதற்கு மனம் ஒப்பவில்லை. ஒரே வரிசையை ஒரே அணியில் வைத்து, அதை அங்கேயே மாற்றிக்கொண்டால் 17 எடைகளுக்கு 34 பைட் போதும்.

அடுத்த வரிசையை உண்டாக்கும் விதி பள்ளிக்கூடத்திலிருந்தே நாம் அறிந்ததுதான்: புதிய வரிசையின் ஓர் உறுப்பு, பழைய வரிசையில் அதே இடத்தில் உள்ள உறுப்பையும் அதற்கு இடப்பக்கத்து உறுப்பையும் கூட்டினால் வருவது. இதை ஒரே அணியில் எழுதினால் `w[j] = w[j] + w[j-1]` என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை எந்தத் திசையில் ஓட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. கை பழக்கத்தில் எழுதியது இது:

```
w[n + 1] = 0;
for (uint8_t j = 1; j <= n + 1; j++)
    w[j] += w[j - 1];
n++;
```

சோதனைக்காக உணரியைக் கழற்றி வைத்துவிட்டு, அளவீடாக 512 என்ற மாறாத எண்ணையே வடிகட்டிக்குக் கொடுத்தேன். எல்லா அளவீடும் ஒன்றாக இருந்தால், எடைகள் எப்படி இருந்தாலும், அவற்றின் கூட்டுத்தொகை சரியாக இருக்கும்வரை விடையும் அதே எண்ணாகத்தான் வர வேண்டும். இந்தச் சோதனை எளியது. ஆனால் அது எடைகளின் கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கிறது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 0-ஆம் வரிசையில் 512 வந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தி 1-ஆம் வரிசைக்குப் போனேன், அப்போதும் 512. அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் சரி என்று நினைத்து உணரியை மாட்டியிருப்பேன். இரண்டாம் அழுத்தத்தில் 640 வந்தது. மூன்றாம் அழுத்தத்தில் 896. நான்காவதில் 1344, பத்து பிட் அளவீட்டில் வரவே முடியாத எண் அது, ஏனெனில் அங்கே உச்சம் 1023.

சீரியல் மானிட்டரில் எடைகளையே அச்சிட்டுப் பார்த்தபோது இவை வந்தன:

```
1
1 1
1 2 2
1 3 5 5
1 4 9 14 14
```

நான்காம் வரிசையில் 1 4 6 4 1 இருக்க வேண்டிய இடத்தில் 1 4 9 14 14 இருந்தது. கூட்டுத்தொகை 16-க்குப் பதில் 42. 512-ஐ 42-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 1344 வருகிறது. வந்த பிழை எண்ணோடு கணக்கு ஒத்துப்போனதால், கோளாறு எடைகளில்தான் இருக்கிறது, பெருக்கலிலோ நகர்த்தலிலோ இல்லை என்பது உறுதியானது. போகிற போக்கில் ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வொரு வரிசையின் கடைசி எண்களையும் மேலிருந்து கீழாகப் படித்தால் 1, 1, 2, 5, 14 என்று வருகிறது. இவை கட்டலான் எண்கள். தவறான நிரல் எனக்கு வேறொரு புகழ்பெற்ற எண் முக்கோணத்தைப் பிழையில்லாமல் போட்டுக் கொடுத்திருந்தது. கேட்டது அதுவன்று என்பதுதான் குறை.

தவறு எங்கே நுழைகிறது என்பதை ஒரு வரிசையைக் கையால் நடத்திப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். சரியான நான்காம் வரிசையை எடுத்துக்கொண்டு, வலக் கோடியில் ஒரு 0 சேர்த்து, இடமிருந்து வலமாக அதே வரியை ஓட்டினேன்:

```
       1 4 6  4  1  0
j=1    1 5 6  4  1  0
j=2    1 5 11 4  1  0
j=3    1 5 11 15 1  0
j=4    1 5 11 15 16 0
j=5    1 5 11 15 16 16
```

முதல் படி சரியாகவே இருக்கிறது: 4-உம் 1-உம் சேர்ந்து 5. இரண்டாம் படியில்தான் நழுவுகிறது. அங்கே தேவைப்பட்டது பழைய 6-உம் பழைய 4-உம். ஆனால் அந்த 4 இருந்த இடத்தில் இப்போது 5 உட்கார்ந்திருக்கிறது. 6-உம் 5-உம் சேர்ந்து 11 ஆகிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு படியும் தனக்கு முந்தைய படியின் புதிய விடையை எடுத்துக் கூட்டிக்கொள்வதால், இது இரண்டிரண்டாகக் கூட்டுவது என்ற நிலையிலிருந்து மாறி, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போகும் கூட்டலாகிவிடுகிறது: 1, 1+4, 1+4+6 என்று. கடைசியில் நிற்கும் 16 அந்தப் பழைய வரிசையின் முழுக் கூட்டுத்தொகை. 1-ஆம் வரிசை வரை பிழை தெரியாமல் போனதற்கும் காரணம் இதுதான். அங்கே ஒரே ஒரு கூட்டல்தான் நடக்கிறது; தன் பழைய மதிப்பை இழந்த அண்டை உறுப்பு என்று ஒன்று அங்கே இல்லை.

அதே வரியை வலமிருந்து இடமாக ஓட்டினால் நடப்பது இது:

```
       1 4 6  4  1 0
j=5    1 4 6  4  1 1
j=4    1 4 6  4  5 1
j=3    1 4 6  10 5 1
j=2    1 4 10 10 5 1
j=1    1 5 10 10 5 1
```

ஒவ்வொரு படியிலும் அணி இரண்டு பகுதிகளாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். j-க்கு வலப்பக்கம் இருப்பவை எல்லாம் புதிய வரிசையைச் சேர்ந்தவை. j-உம் அதற்கு இடப்பக்கம் இருப்பவையும் இன்னும் பழைய வரிசையைச் சேர்ந்தவை. கூட்டலுக்கு வேண்டியவை `w[j]`, `w[j-1]` ஆகிய இரண்டு. இரண்டுமே பழைய பகுதியில் இருக்கின்றன. எழுதும்போது அழிந்துபோவது பழைய `w[j]` ஒன்றுதான். அந்தப் பழைய மதிப்பு இனி யாருக்குத் தேவை என்று கேட்டுப் பார்த்தால், அது j+1-ஆம் உறுப்புக்கு மட்டும்தான் தேவைப்பட்டிருக்கும், அந்த உறுப்போ சற்று முன்புதான் கணக்கிடப்பட்டுவிட்டது. ஆகவே அழிந்தாலும் இழப்பில்லை. விதி இடப்பக்கத்து உறுப்பைக் கேட்கிறது என்பதால்தான் எழுதுவது வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. `w[j] + w[j+1]` என்று விதியை வேறு விதமாக அடுக்கியிருந்தால் திசையும் மாறியிருக்கும்.

திருத்திய நிரல் இது:

```
w[n + 1] = 0;
for (uint8_t j = n + 1; j >= 1; j--)
    w[j] += w[j - 1];
n++;
```

இதில் மடக்கு 1-இல் நிற்பது தற்செயல் அன்று. `w[0]` எல்லா வரிசையிலும் 1-ஆகவே இருப்பதால் அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அதைத் தொட முயன்று நிபந்தனையை `j >= 0` என்று எழுதிவிட்டால் விபரீதமாகிவிடும். `uint8_t` வகைக்கு எதிர்மறை மதிப்பு கிடையாது என்பதால் அந்த நிபந்தனை ஒருபோதும் பொய்யாகாது. 0-க்கு அடுத்து 255-க்குத் தாவி, அணிக்கு வெகு அப்பால் உள்ள நினைவகத்தில் எழுதத் தொடங்கிவிடும். பின்னோக்கி ஓடும் மடக்குகளில் நான் முதலில் பார்ப்பது இந்த எல்லையைத்தான்.

இடமிருந்து வலமாகவே ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாலும் வழி உண்டு. அழியப் போகும் பழைய மதிப்பை ஒரு தனி மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த படிக்குக் கொடுத்தால் போதும்:

```
w[n + 1] = 0;
uint16_t prev = w[0];
for (uint8_t j = 1; j <= n + 1; j++) {
    uint16_t old = w[j];
    w[j] += prev;
    prev = old;
}
n++;
```

இதையும் ஓட்டிப் பார்த்தேன். விடை சரியாகவே வருகிறது. ஆனால் திசையை மாற்றினாலே தேவைப்படாமல் போகும் இரண்டு மாறிகளை வைத்துக்கொள்வதில் எனக்கு நாட்டம் இல்லை. அதைவிட, ஆறு மாதம் கழித்து இந்த நிரலைப் பார்க்கும் ஒருவர் `prev` எதற்கு என்று யோசித்து நேரத்தைச் செலவழிப்பார். வலமிருந்து இடமாக ஓடும் வடிவத்தில் "இடப்பக்கம் இன்னும் பழையது" என்று ஒரு வரிக் குறிப்பு எழுதி வைத்தால் விஷயம் முடிந்தது.

அகலமாக்கும் பொத்தான் சரியான பிறகு, குறுக்கும் பொத்தானுக்கு வந்தேன். முதலில் தோன்றியது `w[0]`-இல் 1-ஐ வைத்து, அடியிலிருந்து n-1 முறை வரிசையை வளர்த்துவிடலாம் என்பதுதான். அது வேலை செய்யும். ஆனால் ஒரு படி முன்னே போக ஒரு நடை போதும் என்றால், ஒரு படி பின்னே வரவும் ஒரு நடை போதுமாக இருக்க வேண்டும் அல்லவா? விதியைத் திருப்பிப் போட்டால், பழைய உறுப்பு என்பது புதிய உறுப்பிலிருந்து இடப்பக்கத்துப் பழைய உறுப்பைக் கழித்தால் வருவது. இங்கே கழிக்க வேண்டிய இடப்பக்கத்து எண் நாம் தேடிக்கொண்டிருக்கும் வரிசையைச் சேர்ந்தது. ஆகவே அது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு அணியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் இடமிருந்து வலமாகத்தான் ஓட வேண்டும்:

```
for (uint8_t j = 1; j <= n; j++)
    w[j] -= w[j - 1];
n--;
```

1 5 10 10 5 1 என்ற வரிசையில் இதை நடத்தினால், 5-இலிருந்து 1 போக 4, 10-இலிருந்து அந்த 4 போக 6, 10-இலிருந்து 6 போக 4, 5-இலிருந்து 4 போக 1, கடைசியாக 1-இலிருந்து 1 போக 0. கிடைப்பது 1 4 6 4 1, அதோடு வலக் கோடியில் ஒரு 0. அடுத்த முறை அகலமாக்கும்போது வைக்க வேண்டிய 0 தானாகவே அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இருந்தாலும் அகலமாக்கும் நிரலில் `w[n + 1] = 0` என்ற வரியை நான் நீக்கவில்லை. அந்த அணியில் வேறு ஏதேனும் எழுதப்பட்டிருந்தால் அதன் மேல் கட்டடம் எழுப்ப வேண்டாம் என்ற எச்சரிக்கைதான் காரணம்.

முதல் நிரலில் எதைப் பிழை என்று திருத்தினேனோ, அதாவது அண்டை உறுப்பின் புதிய மதிப்பை எடுத்துக்கொள்வது, அதுவே இங்கே தேவையான நடத்தையாக இருக்கிறது. "எப்போதும் வலமிருந்து இடம்" என்று மனப்பாடம் செய்துகொண்டு கழித்தலையும் அப்படியே ஓட்டினால் 1 4 5 0 என்று தொடங்கி, அடுத்து -5, -4 வர வேண்டிய இடங்களில், எதிர்மறை இல்லாத 16 பிட் வகையின் காரணமாக 65531, 65532 என்று பெரிய எண்கள் வந்து நிற்கும். இப்படிப்பட்ட பிழை உடனே கண்ணில் படும் என்பது ஓர் ஆறுதல்.

இவ்வளவும் சரியான பின் மாறாத 512-ஐ மீண்டும் கொடுத்து, பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு போனேன். 9-ஆம் வரிசை வரை 512 அசையாமல் இருந்தது. 10-ஆம் வரிசையில் 320 வந்தது. மீண்டும் எடைகளில்தான் கோளாறு என்று எண்ணி அச்சிட்டேன். 1 10 45 120 210 252 210 120 45 10 1 என்று எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. இந்த முறை பிழை பெருக்கலில். எடையும் அளவீடும் `uint16_t`. இந்தப் பலகையில் `int` என்பதே 16 பிட் என்பதால் அவற்றின் பெருக்கற்பலனும் 16 பிட்டுக்குள்ளேயே நடந்து, 65535-ஐத் தாண்டியவுடன் மேல்பகுதி அறுபட்டுவிடுகிறது. 126-ஐ 512-ஆல் பெருக்கினால் 64512, தப்பித்தது. அதனால்தான் 9-ஆம் வரிசை வரை தெரியவில்லை. 210, 252, 210 ஆகிய மூன்றும் தலா 65536-ஐ இழக்கின்றன. மூன்றையும் சேர்த்து 1024-ஆல் வகுத்தால் 192. 512-இலிருந்து 192 போக 320. மேசைக் கணினியில் இதே நிரலை நான் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தேன், அங்கே `int` 32 பிட் என்பதால் ஒரு குறையும் தெரியவில்லை. பெருக்கும் முன் ஒன்றை 32 பிட்டாக மாற்றியதும் சரியாகிவிட்டது:

```
total += (uint32_t)w[j] * x[j];
```

இதன்பின் 18-ஆம் வரிசை வரை எதுவும் நிகழவில்லை. 19-ஆம் வரிசையில் விடை 256. மிகச் சரியாகப் பாதி. இப்படி வட்டமாக வரும் பிழைகள் மிகவும் ஏமாற்றும். நகர்த்தலில் ஒரு பிட் கூடிவிட்டதோ என்று அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போதாததற்கு, குறுக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 512 திரும்பி வந்துவிட்டது. மறுபடி அகலமாக்கினால் மறுபடி 256. எடைகளை அச்சிட்டபோது நடுப்பகுதி இப்படி இருந்தது:

```
50388 10046 26842 26842 10046 50388
```

ஈருறுப்புக் கெழுக்கள் நடுவை நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும்; 50388-க்குப் பின் 10046-க்கு இறங்குவது நடக்காத காரியம். அங்கே இருந்திருக்க வேண்டியவை 75582, 92378. இரண்டுமே 65535-ஐத் தாண்டியவை, ஆகவே ஒவ்வொன்றிலும் 65536 அறுபட்டுவிட்டது. 18-ஆம் வரிசையின் நடு எண் 48620 என்பதால் அதுவரை 16 பிட் போதுமானதாக இருந்தது. 19-இல் நடுவில் நான்கு உறுப்புகள் தலா 65536-ஐ இழந்ததால் மொத்த இழப்பு 262144. வரிசையின் உண்மையான கூட்டுத்தொகை 524288. இழப்பு மிகச் சரியாகப் பாதியாக அமைந்தது இந்த வரிசைக்கு நேர்ந்த தற்செயல்.

குறுக்கும்போது பிழை மறைந்ததற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. எதிர்மறை இல்லாத வகைகளில் வழிந்து போவது 65536-இன் மடங்குகளாகவே போகிறது. கூட்டும்போது அறுபட்டது, கழிக்கும்போது அதே அளவில் திரும்பி வந்துவிடுகிறது. 19-ஆம் வரிசை தவறாகக் காட்டப்பட்டாலும், அதிலிருந்து கழித்து வரும் 18-ஆம் வரிசை உண்மையான 18-ஆம் வரிசைதான். வரிசையின் இருபக்கச் சமச்சீரும் இந்த வழிதலால் கெடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை இதை விட்டுவிடும். கூட்டுத்தொகையை 32 பிட் மாறியில் எடுத்து 2-இன் அடுக்கோடு ஒப்பிடும் சோதனைதான் இதைப் பிடித்தது. அந்தக் கூட்டுத்தொகையையும் 16 பிட்டிலேயே எடுத்திருந்தால், 65536-இன் மடங்குகள் அங்கேயும் காணாமல் போய், இருபுறமும் 0 என்று காட்டி, எல்லாம் சரி என்று சொல்லியிருக்கும். நடுவரை ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனை மாறியின் அகலத்தைச் சாராதது. அதனால் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பொத்தான்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தொடக்கத்தில் அணியைப் புதுப்பிக்கும் வேலையை இன்டரப்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். எடைகளைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருக்கும் நடுவில் பொத்தான் அழுத்தப்பட்டால், முதல் சில எடைகள் பழைய வரிசையிலிருந்தும் மற்றவை புதியதிலிருந்தும் எடுக்கப்பட்டு, ஒரே ஒரு விடை மட்டும் துள்ளிவிடும். இரண்டு அணிகள் வைத்து, புதியது முழுவதும் தயாரான பிறகு சுட்டியை மாற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இருந்த இடத்திலேயே மாற்றுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. இன்டரப்டில் ஒரு குறியை மட்டும் உயர்த்திவிட்டு, ஒரு கணக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரிசையைப் புதுப்பிக்குமாறு மாற்றிவிட்டேன்.

எடைகளை 32 பிட்டாக்கி இன்னும் மேலே போகலாமா என்றும் பார்த்தேன். எடைகளைப் பொறுத்தவரை 34-ஆம் வரிசை வரை இடம் இருக்கிறது. அதன் நடு எண் 2333606220. ஆனால் எடைகளோடு அளவீட்டைப் பெருக்கிச் சேர்க்கும் `total` அதற்கு முன்பே நிரம்பிவிடும். அளவீடு 1023 வரை போகலாம் என்பதால் 22-ஆம் வரிசையோடு 32 பிட் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் 64 பிட் வேண்டும், எட்டு பிட் செயலியில் அது மெதுவானது.

அவ்வளவு தூரம் போவதில் வடிகட்டிக்கும் பெரிய லாபம் இல்லை. இந்த எடைகளின் பரவல் n-இன் வர்க்கமூலத்தில் பாதி அளவுதான்: 4-ஆம் வரிசைக்கு 1 அளவீடு, 16-ஆம் வரிசைக்கு 2 அளவீடு. இன்னொரு மடங்கு அகலம் வேண்டுமானால் 64-ஆம் வரிசைக்குப் போக வேண்டும். 16-ஆம் வரிசையிலேயே இரு கோடிகளிலும் உள்ள எடை 65536-இல் 1. அந்த இடத்தில் 1023 என்ற உச்ச அளவீடே வந்தாலும் விடையில் அதன் பங்கு 0.02-ஐக்கூடத் தொடாது. ஆகவே அணியை `uint16_t` வகையிலேயே வைத்துக்கொண்டு, 18 வரை பாதுகாப்பானது என்று தெரிந்தும், அகலமாக்கும் பொத்தானை 16-இல் நிறுத்திவிட்டேன்:

```
if (n < 16) widen();
```